பத்தொன்பதாம் வரியில் ஒரு டிக்

அந்தச் சுகாதார நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டிக் அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூடப் புரியும். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கிற நர்ஸ். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் பையில் ஒரு பஞ்சு குறைந்து போனதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். மற்றவர்கள் சொல்வது இருக்கட்டும், அவரே வாய் ஓயாமல் சொல்லுவார். அதுதான் வினையாகப் போயிற்று.

பை என்றால் சாதாரணப் பை இல்லை. கருநீல நிறம், இரண்டு கை அகலம், உள்ளே இரண்டு பக்கம். ஒரு பக்கம் சுத்தமான சாமான்: கட்டுப் போடும் பாக்கெட்டுகள், கிருமி நீக்கிய கையுறைகள், ஊசி, சலைன், சிறுநீர்க் குழாய், அந்தக் குழாயின் பலூனில் ஏற்றுகிற தண்ணீர். இன்னொரு பக்கம் பிரஷர் பார்க்கும் கருவி, வெப்பமானி மாதிரித் துடைத்து வைக்கிற சாமான். மேல்மூடியில் சோப்பும் துடைக்கிற காகிதமும் இருக்கும், கை கழுவாமல் உள்ளே கை போகக் கூடாது என்பதற்காக. யார் வீட்டுக்குப் போனாலும் பையைத் தரையில் வைக்க மாட்டார். விரிப்பைப் போட்டு அதன்மேல்தான் வைப்பார்.

மூடியின் உள்பக்கம் ஓர் அட்டை. முப்பத்தொரு வரி. ஒவ்வொரு வரிக்கும் மூன்று கட்டம்: போகும்போது எத்தனை இருந்தது, எத்தனை செலவானது, திரும்ப வைத்தாயிற்றா. ஒரு வீட்டுக்குப் போய் வந்தால் உடனே ஸ்டோரில் வாங்கி நிரப்ப வேண்டும். பாக்கெட் கிழிந்திருக்கிறதா, ஈரம் பட்டிருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்த பிறகுதான் மூன்றாவது கட்டத்தில் டிக். எல்லாம் முடிந்ததும் ஜிப்பின்மேல் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போடுவார். அதுதான் சீல். சீல் இருந்தால் பை தயார் என்று அர்த்தம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஓடலாம்.

இந்தச் சீல் பழக்கத்தைக் கொண்டுவந்ததே அக்காதான். மேலிடத்துப் புத்தகத்தில் அப்படி இல்லை. பையை எடுக்கிறவர் கிளம்புமுன் தானும் ஒரு தடவை எண்ண வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. "சும்மா சும்மா திறந்து கிண்டினா சுத்தமான சாமான் எப்படிச் சுத்தமா இருக்கும்? நான் எண்ணி வச்சதை இன்னொருத்தர் எண்ணணுமாக்கும்!" என்று அக்கா சட்டம் போட, கண்காணிப்பாளரம்மாவும் தலையாட்டிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி வார்டிலிருந்து மாற்றலாகி ஒருத்தி வந்து நான்கு மாதம் ஆகிறது. முப்பத்தைந்து வயசு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். புதுசு என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். வந்த புதிதில் ஒருநாள் காலையில் அக்காவின் சீலைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள் பாருங்கள்!

"என்ன, என் டிக் மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லைங்க அக்கா, வார்டுல பழக்கம். எடுக்கிற ஆளும் எண்ணுவோம்..."

"அது வார்டு. இங்க என் கையெழுத்து இருக்குதுல்ல? கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பார்த்து வச்சது. இனிமே என் சீலைத் தொட்டா நடக்கிறதே வேற."

நான்கு பேர் எதிரில் சொன்னார். புதுசின் முகம் சுண்டிப்போயிற்று. அதன்பிறகு அவள் சீலைப் பிரிக்கவே இல்லை. ஒரு நல்ல பழக்கத்தை அன்றைக்கு அக்கா கொன்று போட்டார் என்று நான் சொல்வேன். அக்காவே பின்னால் அதைத்தான் சொன்னார்.

அக்கா வியாழக்கிழமைதோறும் போகிற வீடுகளில் ஒன்று எலக்ட்ரீஷியனுடையது. நான்கு வருஷத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கியவர். நெஞ்சுக்குக் கீழே எதுவும் வேலை செய்யாது, கைகளும் அப்படித்தான். ஆனால் வாய் இருந்தது. என்ன வாய் என்கிறீர்கள்! பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் வேலைக்குப் போன இடத்திலிருந்து போன் போடுவார்கள். மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு போனை அவர் காதருகே வைப்பாள். "சிவப்பு ஒயரைத் தொடாதடா, முதல்ல மெயினை அணைச்சியா, அணைச்சேன்னு சொல்லு" என்று படுத்த இடத்திலிருந்தே வேலையை முடித்து வைப்பார். கூலியில் அவருக்கும் ஒரு பங்கு வரும். அந்தக் குரலில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி தைத்தது வீட்டு வாடகைக்குக்கூட எட்டாது.

"என்னக்கா, அந்தப் பையில என்னைத் தவிர எல்லாம் இருக்கு போல" என்பார்.

"உன்னையும் மடிச்சு வச்சிருப்பேன்டா. முப்பத்திரண்டாவது வரி போட அட்டையில இடம் இல்ல" என்பார் அக்கா.

அவருக்குச் சிறுநீர்க் குழாய் எப்போதும் இருக்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் நமக்கு வயிறு முட்டும், வலிக்கும், அவ்வளவுதான். கழுத்தெலும்பு போனவருக்கு அப்படியில்லை. வயிறு முட்டுவது அவருக்குத் தெரியாது, ஆனால் உடம்புக்குத் தெரியும். பிரஷர் விறுவிறுவென்று ஏறும். தலை பிளக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவந்து வியர்வை கொட்டும். அடைப்பை நீக்காவிட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும். இது அக்காவுக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். அதனால் அந்த வீட்டு அலமாரியில் எப்போதும் ஒரு குழாய் உபரியாக இருக்கும். போன சனிக்கிழமை அடைப்பு வந்து, அக்காவே வந்து அந்த உபரிக் குழாயைத்தான் போட்டார். "வியாழக்கிழமை வர்றப்போ வேற ஒண்ணு கொண்டாந்து வச்சிடறேன், பயப்படாதே" என்று மனைவியிடம் சொல்லிவிட்டும் போனார்.

புதன்கிழமை மத்தியானம் அக்கா ஒரு கிழவர் வீட்டுக்குப் போனார். நினைவு தடுமாறியவர், குழாயைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டார். பையில் குழாய்கள் இரண்டு, அட்டையில் பத்தொன்பதாம் வரி. முதல் பாக்கெட்டைப் பிரித்து உள்ளே செலுத்தப் போகிற நேரம் கிழவர் காலை உதற, குழாயின் நுனி படுக்கை விரிப்பில் பட்டுவிட்டது. பட்டால் போயிற்று, துடைத்துப் போடுகிற சமாசாரமா அது? தூக்கி எறிந்துவிட்டுக் கையுறையை மாற்றி இரண்டாவதைப் பிரித்தார். சரியாகப் போட்டார். பையில் குழாய் தீர்ந்தது.

நிலையத்துக்குத் திரும்பும்போது நாலாக ஐந்து நிமிஷம். ஸ்டோர்காரர் பல்வலி என்று முன்னதாகவே பூட்டிக்கொண்டு போயிருந்தார். கையுறை, பஞ்சு, சலைனெல்லாம் அறை அலமாரியில் இருந்ததால் நிரப்பினார். குழாய் மட்டும் பூட்டிய ஸ்டோரில். அந்த நேரம் பார்த்துக் கண்காணிப்பாளரம்மா வாசலில் நின்றார்.

"சிஸ்டர், அட்டையெல்லாம் குடுங்க. புதன்கிழமைல்ல, பார்த்து கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்."

ஒரு கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்து, ஏன் என்று பக்கத்தில் எழுத வேண்டும். மற்றவர்கள் அட்டையில் சிவப்பு இல்லாத வாரமில்லை. அக்காவின் அட்டையில் இருபத்தாறு வருஷமாக ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. காலையில் எட்டு மணிக்கு ஸ்டோர் திறந்ததும் முதல் வேலையாக இரண்டு குழாயை வாங்கி உள்ளே போட்டால் தீர்ந்தது, இதற்குப் போய்ச் சிவப்பா என்று தோன்றியது. பத்தொன்பதாம் வரி, மூன்றாவது கட்டம், ஒரு டிக். அட்டை போய் வந்தது. அடுத்து கை தானாகவே பிளாஸ்திரியை எடுத்து ஒட்டியது, தேதி போட்டது, கையெழுத்தும் போட்டது. எத்தனை ஆயிரம் தடவை செய்த கை! நிறுத்து என்று மனசு சொல்வதற்குள் வேலையை முடித்துவிட்டது. காலையில் பிரிக்கப் போவதும் தான்தானே என்று அப்படியே விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்காணிப்பாளரம்மா போன் செய்தார். "நாளைக்கு நீங்க இங்க வராதீங்க சிஸ்டர், நேரா தலைமை அலுவலகத்துக்குப் போயிடுங்க. எல்லா நிலையத்து நர்ஸுங்களும் வர்றாங்க. வீட்டுக்குப் போற பையை எப்படி வச்சுக்கணும்னு நீங்கதான் பேசணும். உங்க வீடுகளைப் புதுசு பார்த்துக்குவா."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எந்தப் புடவை கட்டுவது, முதலில் எதைச் சொல்வது என்று கணவரை உட்காரவைத்துப் பேசிக் காட்டினார். அந்த மனுஷர் நாலு தடவை தலையாட்டிவிட்டு ஐந்தாவது தடவை தூங்கிப்போனார். இவ்வளவு சந்தோஷத்தில் பத்தொன்பதாம் வரி ஒரு தடவையாவது ஞாபகத்துக்கு வந்ததா? வரவே இல்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. கூடத்தில் எண்பது நர்ஸுகள். அக்கா மேசைமேல் ஒரு மாதிரிப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனார். சிரிக்கவும் வைத்தார்.

"பதினெட்டு, ஜெல்லி. குழாய் மட்டும் கொண்டு போயி ஜெல்லி இல்லாம முழிச்ச ஆளுங்க இங்க யாருன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"பத்தொன்பது, குழாய் ரெண்டு."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. கூடத்தில் இன்னும் சிரிப்பு ஓயவில்லை. ஜிப்பின்மேல் ஒட்டிய பிளாஸ்திரி கண்முன் வந்தது. இன்று வியாழக்கிழமை. அலமாரியில் உபரி இல்லாத வீட்டுக்குக் குழாய் இல்லாத பை போயிருக்கிறது. போகிறவள் திறந்து பார்க்க மாட்டாள், திறக்காதே என்று திட்டியது யார்?

கைப்பையிலிருந்து போனை எடுத்தார். கூட்டத்துக்காக ஒலியை அணைத்து வைத்திருந்தார். புதுசிடமிருந்து ஏழு அழைப்புகள். முதலாவது பத்து நாற்பதுக்கு.

"அக்கா! எங்க வச்சிருக்கீங்க?" திரும்பக் கூப்பிட்டதுமே புதுசு கத்தினாள். "குழாய் எங்க வச்சிருக்கீங்க அக்கா? மூணு தடவை கொட்டிப் பார்த்துட்டேன். அடைச்சுக்கிச்சு. நிமிர்த்தி உட்காரவச்சுட்டேன், துணியைத் தளர்த்திட்டேன், டியூப் எங்கயும் மடங்கலை, சலைன் விட்டுப் பார்த்தேன், உள்ள போக மாட்டேங்குது. பிரஷர் இருநூத்தி இருபது. இவருக்கு எப்பவும் தொண்ணூறுதானே அக்கா! ஆம்புலன்ஸுக்குச் சொல்லி இருபது நிமிஷம் ஆச்சு, இன்னும் காணோம். பழைய குழாயை உருவிடட்டுமா? போட வேற இல்லையே, உள்ள வீங்கிட்டா என்ன பண்றது?"

"பலூன் தண்ணியை எடுத்துட்டு உருவிடு. நான் கொண்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஓடினார். கீழ்த்தளத்து ஸ்டோரில் இரண்டு குழாய்களைப் பிடுங்காத குறையாக வாங்கினார். வாடகைக் காரில் இருபத்தைந்து நிமிஷம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வண்டி நின்றது. ஓட்டுநர் தம்பி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். "யாருக்கும்மா, உறவா?" என்று கேட்டான். அக்கா கையிலிருந்த பாக்கெட்டுகளின் தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டு வாசல் திறந்தே கிடந்தது. தையல் மெஷினின் ஊசிக்கடியில் பாதித் தைத்த சட்டை அப்படியே இருந்தது. கட்டிலில் எலக்ட்ரீஷியன் தலையணைகளில் சாய்ந்திருந்தார். முகம் செங்கல் நிறம், வியர்வை சொட்டியது. பழைய குழாயை உருவியும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்ததாம். இத்தனை அவசரத்திலும் அக்கா சோப்புப் போட்டுக் கை கழுவினார். கழுவாமல் எப்படிச் செய்வது? அந்தக் கொஞ்ச நேரத்தில் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் அக்கா, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கையுறை, ஜெல்லி, குழாய். ஒரே தடவையில் போயிற்று. சிறுநீர் குபுகுபுவென்று வந்து பை நிறைந்தது. புதுசு பிரஷர் கருவியை விடாமல் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். இருநூறு, நூற்றெழுபது, நூற்றிருபது. இறங்கிவிட்டது.

"அப்பாடா" என்றாள் மனைவி. "என்னங்க, அக்கா வந்துட்டாங்க பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். உதட்டின் ஒரு பக்கம்தான் அசைந்தது. வந்தது சொல் இல்லை, வெறும் சத்தம். மறுபடி முயன்றார், மறுபடியும் அதே சத்தம். அவர் கண்களில் ஏறிய பயத்தை அக்கா அத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. அப்போதுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, பேச்சுக்கான இடத்தில் என்றார். உயிருக்குப் பயமில்லை, பேச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மனைவி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரில் சுவரோரமாகப் புதுசு நின்றாள். சம்பவ அறிக்கைத் தாளை மடிமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்த கண்காணிப்பாளரம்மா தலை நிமிரவில்லை.

"அட்டையில டிக் இருக்கு, சீல் இருக்கு. அப்போ குழாய் எங்க போச்சு?"

"நான்தான் மேடம் எங்கேயோ தவற விட்டிருக்கேன்" என்றாள் புதுசு. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "காலையில முத வீட்டுல கட்டுப் பாக்கெட் எடுக்கிறப்போ வெளிய விழுந்திருக்கணும். அக்கா வைக்காம டிக் போட மாட்டாங்க."

மனைவி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "ஒரு உசுரைப் பார்க்க வர்றப்போ பையில என்ன இருக்குன்னு பார்க்க மாட்டியாம்மா? அக்கா வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆளுக்கொரு சாட்சி, எல்லாம் அவர் பக்கம். அவர் கையெழுத்தே அவர் பக்கம். ஒரு நிமிஷம் அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் சிவப்பு மை படாத இருபத்தாறு வருஷமும் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"பையில குழாய் இல்ல" என்றார் பிறகு. "நேத்து ரெண்டும் செலவாயிடுச்சு. ஸ்டோர் பூட்டியிருந்துச்சு. நான் வைக்காமலே டிக் போட்டேன்."

கண்காணிப்பாளரம்மா பேனாவை நிறுத்தினார். "சிஸ்டர், உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். ஒருத்தியைக் காப்பாத்தறதுக்காக நீங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்க வேண்டாம்."

"ஆமாக்கா, எனக்காகப் பொய் சொல்லாதீங்க" என்றாள் புதுசு.

ஐயோ, உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை! அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஸ்டோர் நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்க மேடம். நேத்து என் பேருக்கு ஒரு குழாயாவது குடுத்ததா இருக்குதா பாருங்க. இவ ஏன் திறந்து பார்க்கலைன்னு நீ கேட்டியேம்மா. நான்தான் திறக்கக் கூடாதுன்னேன். நாலு பேர் முன்னாடி திட்டினேன். பார்க்கணும்னு நினைச்சவளைப் பார்க்க விடாம பண்ணினது நான்."

புதுசின் கண்கள் அக்காவின் முகத்திலேயே நின்றன. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மடியில் இருந்த கையை மனைவி மெல்ல எடுத்து, பெஞ்சின்மேல் வைத்தாள்.

"கடைசியா அவரு என்ன கேட்டாரு தெரியுமா?" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "'அக்கா வரலையா'ன்னு கேட்டாரு. நீங்க இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சாரு. அப்போ இந்தப் பொண்ணு சொல்லுச்சு, அக்கா எல்லாத்தையும் எண்ணித்தான் வச்சிருப்பாங்க, இதோ எடுத்துடறேன்னு."

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார் அக்கா.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போவதற்கு முன் கண்காணிப்பாளரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்புறம் இந்தப் புது சிஸ்டரையே அனுப்புங்க. இவங்க வர வேண்டாம்."